இணைச்சீரும் என் வயிறும்

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது கோயிலையோ கடைத்தெருவையோ அல்ல, கழிப்பறையைத்தான். சங்ககிரி பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறை எந்த மூலையில் இருக்கிறது, திருச்செங்கோட்டில் எந்த ஹோட்டலில் ஒரு காபி கூடக் குடிக்காமல் பின்கட்டுக்குப் போகலாம், நாமக்கல் சாலையில் எந்தப் பெட்ரோல் பங்கில் பெண்கள் பக்கம் பூட்டிக் கிடக்காது, எல்லாம் எனக்கு அத்துப்படி. என் கணவர் இதைக் கேலி செய்வார். "உன்னக் கூட்டிட்டுப் போனா ஊரு தெரியாதவனுக்கும் வழி தெரியும் புள்ள, நீ நிக்கற எடமெல்லாம் ஒரே மாதிரி எடந்தான்" என்பார். எனக்கு வரும் கோபத்துக்கு அளவே இருக்காது. ஆனால் சண்டை போட நேரம் இருக்காது, அதற்குள் வயிறு கூப்பிட்டுவிடும்.

வீட்டில் இருக்கும்போது இந்த வயிற்றுக்கு ஒரு குறையும் கிடையாது. எங்களுடையது நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோழிப்பண்ணை. காலையில் முட்டை எடுத்து, தட்டில் அடுக்கி, வண்டிக்காரருக்கு ஏற்றிவிட்டு, பழைய சோறும் பச்சை மிளகாயும் தின்றாலும் கல்லைத் தின்ற மாதிரி செரிக்கும். ஒரு விசேஷம், ஒரு பஸ் பயணம், மகளின் ஹாஸ்டல் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று ஏதாவது வந்தால் போதும். முதலில் மேல்வயிற்றில் ஏதோ பறப்பது போல ஒரு குறுகுறுப்பு. பிறகு வாயில் எச்சில் ஊறிக் குமட்டல். அதற்குப் பிறகு அடிவயிற்றைப் பிசைந்து, கிளம்பும் முன் மூன்று நான்கு தடவை போய்விட்டுத்தான் வாசலைத் தாண்டுவேன். தாண்டியதும் மறுபடி ஒரு தடவை திரும்புவேன். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறார்களே, அதை முதன்முதலாகச் சொன்னவர் என்னைப் போல ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவருக்குத் தெரியும், ஆனால் அது பயத்தால் வருவது என்று தெரியாது. "உனக்கு வெளிச்சோறு ஒத்துக்காது" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பயம் என்று சொன்னால் எதற்குப் பயம் என்று கேட்பார்கள். எனக்கே தெரியாத பதிலை நான் எங்கே போய்த் தேடுவது?

அப்போதுதான் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் இப்போது பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் தம்பி போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜர். வருஷத்தில் பாதி நாள் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடப்பான். ரிக் வண்டிக்காரன் என்றதும் பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அம்மா வேண்டாத தெய்வமில்லை. அப்படித் தேடித் தேடி எடப்பாடிப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்த சந்தோஷத்தில் அம்மா போனில் அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்துப் போனை வைத்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இணைச்சீர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சாதிசனத்தில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளைக்கு நடக்கும் பெரிய சீர் அது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கையில் பேழைக்கூடை என்கிற மூங்கில் கூடை, அதில் மணப்பெண்ணுக்கான கூறைச்சேலை, சேலையின் ஒரு முனை அவன் கையில். சடங்கை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சொந்தமெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்க்க, அது பாட்டுக்கு நீளும். எங்கள் ஊர் அருமைக்காரர் வைத்திருக்கும் முறை இன்னும் கறார். சேலையைப் பிடித்த பிறகு இணை பிரியக்கூடாது. ஒருவர் மேடையை விட்டு இறங்கினால் இன்னொருவரும் கூடவே இறங்க வேண்டும், திரும்ப வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தம்பிக்கு நான் ஒரே அக்கா. நான் நிற்க வேண்டும் என்பது அவன் பிறந்த அன்றே முடிவான விஷயம். அவனுக்காக நிற்க எனக்கு அவ்வளவு ஆசை. நிற்க முடியாதே என்று அவ்வளவு பயம்.

கூறைச்சேலை எடுக்கச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போனோம். அம்மா, சித்தி, சித்தியின் மகள், நான். வழக்கம்போல முதல்நாள் ராத்திரியிலிருந்தே நான் சாப்பிடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்பது என் கணக்கு. காலையில் ஒரு டம்ளர் கடுங்காபி, மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த பேதி நிற்கும் மாத்திரை ஒன்று. வழியில் சந்தேகம் வந்து இன்னொன்று. தண்ணீர் மட்டும் தொடவே இல்லை.

கடையில் ஏறி மெத்தையில் உட்கார்ந்ததும் கடைக்காரர் சேலைகளை விரிக்க ஆரம்பித்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. நான் பார்த்துக்கொண்டிருந்தது சேலையை அல்ல. படிக்கட்டு எங்கே, வாசல் எங்கே, அதைத் தாண்டிச் சந்தில் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன இருக்கும் என்று. சந்தில் மூட்டை இறக்கும் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த வண்டி நகராவிட்டால் நான் எப்படிப் போவேன் என்று நினைத்ததுதான் தாமதம், வயிறு ஒரு சுற்று சுற்றியது. வெறும் வயிற்றில் காபி வேறு. புளித்துப் புரட்டிக்கொண்டு வந்தது.

"கழிப்பறை இருக்குங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்கும் முன்பே எழுந்துவிட்டேன். மாடிக்குப் பின்னால் ஒன்று இருந்தது, ஆட்கள் போகும் இடம். அங்கே போய் முதலில் வாந்தி எடுத்தேன். வெறும் மஞ்சள் தண்ணீர். பிறகு, அத்தனை மாத்திரையையும் மீறி, வயிற்றாலும் போனது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் மூன்று பேரும் நிற்கிறார்கள். சித்தியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஏஞ்சாமி, முழுகாம இருக்கறயா?" என்றாள் சித்தி.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு பேரனா என்று அம்மாவின் கண்ணும் நிறைந்துவிட்டது. நான் இல்லை என்றேன். இல்லை என்று சொன்னால் எங்கள் வீட்டில் ஆமாம் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் சேதி என் மாமியாருக்குப் போய், அவர் பண்ணையில் ஒரு நல்ல நாட்டுக்கோழியை எனக்கென்று பிடித்துக் கட்டி வைத்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் அம்மா போன் செய்தாள். "இந்த மாதிரி நேரத்துல நீ கூடையத் தூக்கீட்டு அத்தன நேரம் நிக்க வேண்டாங் கண்ணு. சித்தி மக நிக்கட்டும். அவளும் தங்கச்சிதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல வருஷமாக எந்த விசேஷத்தில் தப்பிக்கலாம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தவள் நான். இப்போது காரணம் தானாகவே மடியில் வந்து விழுகிறது, ஆனால் எனக்கு வேண்டாம். என் தம்பி பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதை நினைத்தாலே கோபம் கோபமாக வந்தது.

"அம்மா, நான் ஒண்ணும் முழுகாம இல்ல. எனக்குப் பயத்துல வவுறு போகுது" என்று சொல்லிவிட்டேன்.



"பயமா? எதுக்குப் பயம்? உன்ற தம்பி கல்யாணந்தான?"

"அதாம்மா தெரியல."

"தெரியாமப் போயி மேடையில எறங்கி ஓடுனா என்ன பண்றது? அவனும் கூடவே எறங்கோணும். சபையே பாக்கும். பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை, கவலைதான். அதனால் இன்னும் வலித்தது. "ஒரு டாக்டரப் பாரு. சரியாச்சுன்னா நீ நில்லு. இல்லீன்னா அவ நிக்கட்டும்."

நாமக்கல்லில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். கணவர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். வழியில் பயம்தான் காரணம் என்று அவரிடமும் சொன்னேன். முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்வது சுலபமாக இருந்தது. அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, "அப்ப வெளிச்சோறு மேல பழியப் போட்டது தப்புதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

டாக்டர் நிறையக் கேட்டார். மலத்தில் ரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் தூக்கத்தைக் கலைத்து வயிற்றால் போகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தமும் மலமும் சோதிக்க எழுதிக் கொடுத்தார், தைராய்டும் சேர்த்து. முடிவுகள் வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஏமாற்றம். ஏதாவது நோய் இருந்திருந்தால் மாத்திரை கொடுத்து முடித்திருப்பார்கள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லீங்களா? எல்லாம் மனசுதானுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"மனசு மட்டும் இல்லீங்க, உங்க வயிறு நெஜமாவே கலங்குது" என்றார் அவர். "மூளைக்கும் குடலுக்கும் நடுவுல நரம்பு ஓடுது. ரெண்டும் ஓயாமப் பேசிக்கும். ஏதோ ஆபத்துன்னு மூளை நெனச்சா, இரைப்பை வேலையக் கொறைச்சுக்கும், அதான் குமட்டல். கீழ பெருங்குடல் அவசரப்பட்டு உள்ள இருக்கறதத் தள்ளீரும், அதான் பேதி. அதப் பாத்து நீங்க இன்னும் பயப்படறீங்க. அது இன்னும் கலங்குது."

சாப்பிடாமல் கிளம்புவதையும் மாத்திரை போடுவதையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் வைக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. வெறும் வயிற்றில் அமிலமும் காபியும் சேர்ந்தால் குமட்டல் கூடத்தான் செய்யும் என்றார். கிளம்புவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால் இட்லியோ, அரிசிக் கஞ்சியோ, மோர் சாதமோ, காரமில்லாமல் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார். காபியை அன்றைக்கு விட்டுவிடலாம். தண்ணீரை நிறுத்தவே கூடாது. வயிற்றால் போனால் உப்புக்கரைசல் பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அந்த மாத்திரை எப்போதாவது ஒரு அவசரத்துக்குக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், வாசலைத் தாண்டும்போதெல்லாம் விழுங்குவது சரியில்லை.

பிறகு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விட வேண்டும். நெஞ்சு அல்ல, வயிறு ஏறி இறங்க வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூச்சு விடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது.

"அலை மாதிரிங்க அது. ஏறும், கொஞ்ச நேரம் நிக்கும், தானா எறங்கும். ஏறும்போதே ஓடிட்டா, எறங்குங்கறதே உங்களுக்குத் தெரியாமப் போயிரும்" என்றார். "சின்னச் சின்னதாப் பழகுங்க. கல்யாணத்துல கூட இருக்கற ஒருத்தர்கிட்டயாச்சும் முன்னாடியே சொல்லி வைங்க. மறைக்கறதுதான் பாதி பாரம். அப்படியும் கொறையலீன்னா வாங்க, கவுன்சிலிங் பாக்கலாம், மருந்தும் இருக்குது."

பழகினேன். காலையில் அவசரமில்லாமல் கழிப்பறைக்குப் போக அரை மணி நேரம் முன்னதாக எழுந்தேன். கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்க, கொட்டகையில் நின்று வயிற்றில் கை வைத்து மூச்சு விட்டேன். அந்தப் பக்கம் வந்த மாமியார் வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கும் மருமகளைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பிப் போனார். அவரிடம் இல்லை இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இரவில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொண்டு படுத்தால் பிசைவது அடங்கியது. இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் குமட்டலுக்கு இதமாக இருந்தது.

டவுன் பஸ்ஸில் ஏறி இரண்டு நிறுத்தம் போய் இறங்குவேன். அடுத்த முறை நாமக்கல் வரை. ஒருநாள் பஸ்ஸில் அந்த அலை வந்தபோது இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். சொன்ன மாதிரியே இறங்கியது. பஸ்ஸில் இருந்த எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. மறுநாளே அலை இறங்கவில்லை. பாதி வழியில் பஸ்ஸை விட்டு ஓர் ஓட்டலுக்குள் ஓடி, அழுதுகொண்டே வீடு திரும்பினேன். இரண்டு நாள் பஸ் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடி பஸ் ஏறினேன், வீம்புக்குத்தான்.

அம்மாவிடம், "நாந்தான் நிப்பேன்" என்றேன்.

"சரியாயிருச்சா?"

"முழுசா இல்ல. ஆனா நாந்தான் நிப்பேன்."

இப்போதெல்லாம் மண்டபத்தில் இணைச்சீரை முதல்நாள் சாயங்காலமே வைத்துவிடுகிறார்கள். அன்று மதியம் மோர் சாதம் கொஞ்சம், மூன்றரைக்கு ஓர் இட்லி சாப்பிட்டேன். உப்புக்கரைசலைப் பாட்டிலில் கரைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கழிப்பறை எங்கே என்று ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளை அறைக்குள்ளேயே ஒன்று, மேடைக்குப் பக்கத்திலேயே. யாரிடமாவது சொல்லி வைக்கச் சொன்னாரே டாக்டர், அது மட்டும் முடியவில்லை. அருமைக்காரர் பக்கத்தில் இரண்டு தடவை போனேன். சந்தனம் வேணுமா சாமி என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடை ஏறினோம். கூடை கையில் வந்தது, சேலையின் முனை தம்பியின் கையில் போனது. அருமைக்காரரின் சட்டையில் வீடியோக்காரர் சின்ன மைக் ஒன்றை மாட்டியிருந்தார். அவர் இருமினால் கூடச் சாப்பாட்டுக் கூடம் வரை கேட்டது. எதிரே அத்தனை முகங்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. மேல்வயிற்றில் பறக்க ஆரம்பித்தது. வரட்டும் என்று மூச்சை நிதானமாக வெளியே விட்டேன். அது ஏறியது, நின்றது. கூடைக்கு அடியில் என் கை வயிற்றில் பதிந்திருந்தது. மெல்ல இறங்குவது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? தம்பியைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று திரும்பினேன்.

அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சேலை முனையைப் பிடித்திருந்த கை நடுங்கி, அந்த நடுக்கம் சேலை வழியாக என் கைக்கு வந்தது. உதட்டை அழுத்திக் கடித்திருந்தான். எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கினான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கண்ணாடியில் எத்தனை முறை பார்த்திருப்பேன்.

"அக்கா" என்றான், உதடு அசையாமல். "வவுறு கலக்குது. தாங்காது போலிருக்குது."

"மெதுவா மூச்சு உடு."

"இல்லக்கா. முடியாது. காலைல இருந்து நாலஞ்சு வாட்டி ஆயிருச்சு. நான் எறங்க மாட்டேன். எப்படி எறங்கறது?"

எதிரே முதல் வரிசையில் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். வருங்கால மாமனார் வேட்டியைச் சரி செய்துகொண்டு மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்க வேண்டும் என்று அவனே கேட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தாலி கட்டும் முன்னாலேயே மாப்பிள்ளைக்குப் பேதி என்று எடப்பாடி வரை சிரிப்பார்கள். ரிக் வண்டிக்காரன் குடித்திருப்பான் என்றும் சொல்வார்கள். அவன் குடிப்பதே இல்லை.

நான் அருமைக்காரர் பக்கம் சாய்ந்தேன். மைக் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏனுங்க மாமா, கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு வயித்தால போகுதுங்க. நான் எறங்கோணும்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றதுகூட எனக்குக் கேட்டது. இருபது வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்து நான் பட்டினி கிடந்தேனோ, பஸ்ஸை விட்டு இறங்கினேனோ, அதை நானே என் வாயால் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். முகம் தீயாகச் சுட்டது. ஆனால் வயிறு சும்மா இருந்தது. சத்தியமாகச் சும்மாதான் இருந்தது.

அருமைக்காரர் அசரவே இல்லை. "அதுக்கென்ன சாமி, போயிட்டு வா. சீரு எங்கயும் ஓடீராது" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "இணை பிரியக்கூடாது. மாப்பிள்ளையும் கூடப் போங்க" என்றார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் கூடையைக் கட்டில் மேல் வைத்தேன். அவன் கழிப்பறைக்குள் ஓடினான். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. நானும் அப்படித்தான் செய்வேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

அறைக் கதவைத் தட்டினார்கள். திறந்து பாதி வழியை மறைத்து நின்றேன். சித்தி ஓமத் தண்ணீரோடு நின்றாள். "நான் அப்பவே சொன்னனே, முழுகாம இருக்கறான்னு" என்றாள். இன்னும் இரண்டு அத்தைகள் பின்னால். ஒருத்தர் மாதுளம் ஓடு, ஒருத்தர் வெந்தயம். அம்மா அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைத் திட்டத்தான் வந்தாள் என்பது நடையிலேயே தெரிந்தது.

திட்ட வாயைத் திறந்தாள். நான் இங்கே நிற்கிறேன். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூடிக் கிடந்த கழிப்பறைக் கதவை அம்மா பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று, "ஆமாங்க, இவளுக்குச் சின்னதுல இருந்தே இப்பிடித்தான். காத்து வரட்டும், எல்லாரும் அக்கட்டால போங்க" என்று வெளியே இருந்தவர்களை அனுப்பிவிட்டாள். கதவைத் தானே சாத்தினாள். என் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். அம்மா அப்படியெல்லாம் கை பிடிப்பவள் இல்லை.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். உப்புக்கரைசல் பாட்டிலைக் கொடுத்தேன். "மடமடன்னு குடிக்காத. வாய் வாயாக் குடி" என்றேன்.

"உனக்குப் போகோணும்னியே?"

"எனக்கொண்ணும் இல்ல."

பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"எப்ப இருந்துடா?" என்றேன்.

"பத்தாவது பரீட்சைல இருந்து. வண்டியில போன பொறகு ஜாஸ்தியாயிருச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு மட்டுந்தான் இப்பிடின்னு நெனச்சுட்டு இருந்தேங்க்கா."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே கழிப்பறைக்கு முன்னால் காத்திருந்து சண்டை போட்டவர்கள் நாங்கள். கட்டிலில் உட்கார வைத்து, அவன் வயிற்றில் அவன் கையையே வைத்து, மூச்சை நிதானமாக வெளியே விடச் சொன்னேன். பட்டு வேட்டியும் மாலையுமாக உட்கார்ந்து மூச்சு விட்டான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. வெளியே அருமைக்காரர் தொண்டையைக் கனைப்பது மைக்கில் கேட்டது.

"மறுபடி வந்துச்சுன்னா?" என்றான்.

"மறுபடி எனக்குத்தான் போகோணும்" என்றேன்.

மறுபடி வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் குறையாமல் நின்று முடித்தோம்.

இப்போது சொந்தத்தில் நான் இணைச்சீரில் இறங்கி ஓடியவள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு அத்தை என் இலையைப் பார்த்து, "ரசம் மட்டும் ஊத்திக்க சாமி" என்பார். என் வயிறு சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை. தம்பியும் அந்த டாக்டரிடம் போய்வருகிறான்.

கல்யாண வீடியோ தயாரானபோது வீடியோக்காரர் அவனுக்குப் போன் செய்தாராம். உங்க அக்கா பேசுனது மைக்குல தெளிவா விழுந்திருக்குதுங்க, அந்த எடத்த வெட்டீரட்டுங்களா என்று கேட்டாராம். ஒரு எழுத்துக் கூட வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். புதுப்பெண்தான் என்னிடம் இதைச் சொன்னாள். அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் டிவியை நிறுத்தி, மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்பானாம்.